கடைசிப் பாடம்: ஏறுவது

சைக்கிள் பழகும்போது முதல்ல எதைக் கத்துக்குவோம்? ஏறுவதைத் தானே? பிரான்சஸ் வில்லார்ட் அதைக் கடைசிக்குத் தள்ளி வைத்தார்.

அமெரிக்காவில் பெண்கள் மதுவிலக்குச் சங்கத்தின் தலைவர். அம்மா இறந்த துக்கம், உடம்பும் சரியில்லை. 53 வயதில் இங்கிலாந்தில் வந்து சைக்கிள் பழகினார். வண்டிக்கு கிளாடிஸ்னு பேர் வேற! அந்தக் கதையை 1895ல் சின்னப் புத்தகமாவே போட்டுட்டார்.

தினம் பத்து, இருபது நிமிஷம், மூணு மாசம். ஒவ்வொண்ணா பழகிய வரிசை இது: மிதிப்பது, திருப்புவது, இறங்குவது, அப்புறம்தான் ஏறுவது. முதலில் மூணு பேர் வண்டியைப் பிடிச்சுக்கிட்டாங்க. பிறகு ரெண்டு, அப்புறம் ஒருத்தர்.

ஏன் இந்த வரிசை? யாரும் பிடிக்காத வண்டியில் ஏறி உட்காரும் அந்த நொடியிலேயே மிதிக்கணும், ஹேண்டில்பாரையும் நேரா வச்சுக்கணும். பயந்தா இறங்கவும் தெரியணும். ஏறுவதற்குள் மத்த மூணும் ஒளிஞ்சிருக்கு.

முன்சக்கரத்தையே பார்த்தா வண்டி ஆடும், நிமிர்ந்து தூரத்தைப் பார்க்கணும்னும் குறிச்சு வச்சிருக்கார்.

ஒரு ஜனவரி 20 அன்று, பக்கத்தில் ஆளே இல்லாமல் ஏறிக் கிளம்பிட்டார். மொத்தப் பயிற்சியைக் கூட்டிப் பார்த்தா சுமார் 22 மணி நேரம். ஒரு முழு நாள் கூட இல்லைங்க!