X நல்ல நோட்டு, Y கெட்ட நோட்டு

2008 கோடையில் ஐரோப்பியப் பத்திரிகைகள் சிலவற்றில் ஒரு விசித்திரமான செய்தி அடிபட்டது. ஜெர்மனியில் சிலர் கையிலிருக்கும் யூரோ நோட்டைத் திருப்பிப் பார்க்கிறார்களாம். வரிசை எண் X என்று தொடங்கினால் வைத்துக்கொள்கிறார்கள், S என்றோ V என்றோ Y என்றோ தொடங்கினால் முதலில் அதைச் செலவழித்துத் தள்ளிவிடுகிறார்கள். X என்றால் ஜெர்மனி, S இத்தாலி, V ஸ்பெயின், Y கிரீஸ். இரண்டு வருடம் கழித்து கிரேக்கக் கடன் நெருக்கடி வெடித்தபோது இதே பேச்சு இன்னும் பலமாகத் திரும்பி வந்தது. யூரோ உடைந்தால் Y நோட்டு டிராக்மாவாக மாறிவிடும், X நோட்டு புது மார்க்காகிவிடும் என்பது கணக்கு.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இந்தப் பயத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசு 1918இல் சிதறியபோது அதன் குரோனே நோட்டுகள் எல்லாத் துண்டு நாடுகளிலும் புழங்கிக்கொண்டிருந்தன. வியன்னாவில் அச்சு இயந்திரம் ஓட ஓட, பிராகில் விலைவாசி ஏறியது. 1919 பிப்ரவரி கடைசியில் செக்கோஸ்லோவாக்கியாவின் நிதியமைச்சர் அலோய்ஸ் ராஷீன் எல்லைகளை மூடினார். உள்ளே இருந்த நோட்டுகளில் ஒட்டுத்தலை ஒட்டி, அவற்றை மட்டும் தன் நாட்டுப் பணமாக ஏற்றார். ஒட்டாத நோட்டு அந்த நாட்டில் செல்லாது. 1993இல் அந்தச் செக்கோஸ்லோவாக்கியாவே இரண்டானபோதும், ஸ்லோவாக்கியர்கள் பழைய நோட்டில் ஒட்டுத்தலை ஒட்டித்தான் சமாளித்தார்கள். அங்கெல்லாம் நோட்டில் தேசத்தின் அடையாளம் இல்லை, அதனால் புதிதாக ஒட்ட வேண்டியிருந்தது. யூரோவில்தான் அடையாளம் ஏற்கனவே அச்சாகி இருக்கிறதே, ஒட்டுத்தலைகூடத் தேவையில்லையே என்று ஒருவர் நினைத்தால் அவரை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது.

தப்பு எங்கே என்றால், அந்த எழுத்து எதைச் சொல்கிறது என்பதில்.

2002 ஜனவரியில் புழக்கத்துக்கு வந்த முதல் வரிசை நோட்டுகளில் பின்பக்கம் ஓர் எழுத்தும் பதினோரு இலக்கங்களும் இருக்கும். நாடுகளை அவரவர் மொழிப் பெயரின் அகரவரிசையில் நிறுத்தி, எழுத்தை Zஇலிருந்து பின்னோக்கிக் கொடுத்தார்கள். பெல்ஜியம் Z. ஜெர்மனி ‘டாய்ச்லாண்ட்’ என்பதால் X. பின்லாந்து தன் மொழியில் ‘சுவோமி’ என்பதால் கீழே போய் L. இந்த வரிசைப்படி டென்மார்க்குக்கு Y, கிரீஸுக்கு W வந்திருக்க வேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். W என்ற எழுத்து கிரேக்கத்தில் கிடையாது, Y உண்டு, அதனால்தான் என்பார்கள். டென்மார்க், ஸ்வீடன், பிரிட்டன் மூன்றும் யூரோவுக்கு வரவே இல்லை. ஆனாலும் W, K, J என்று அவற்றுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள்!

இந்த எழுத்து சொல்வது, நோட்டை அச்சடிக்கச் சொல்லி ஆர்டர் கொடுத்த மத்திய வங்கி எது என்பதை மட்டுமே. அச்சடித்த இடத்தை அது சொல்வதில்லை. ஸ்லோவேனியாவின் H, மால்டாவின் F, சைப்ரஸின் G இந்த மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாட்டிலும் யூரோ நோட்டடிக்கும் அச்சகம் கிடையாது. H நோட்டு ஒன்றுகூட ஸ்லோவேனியாவில் அச்சானதில்லை. லக்சம்பர்க்கின் கதை இன்னும் வேடிக்கை. அதற்கு R ஒதுக்கினார்கள். ஆனால் அது வெளியே கொடுத்து அடிக்கும் நோட்டுகளில் அடித்துக்கொடுக்கும் நாட்டின் எழுத்தே விழுந்ததால், முதல் வரிசையில் R நோட்டே இல்லை.

அச்சகத்தைத் தெரிந்துகொள்ள வேறு ஓர் அடையாளம் உண்டு. முன்பக்கத்தில், படத்துக்குள் ஒளித்துவைத்த மிகச் சிறிய குறியீடு. பத்து யூரோவில் நட்சத்திர வட்டத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டால் எட்டு மணி நட்சத்திரத்துக்குள் இருக்கும், இருபதில் ஒன்பது மணிக்கு. லென்ஸ் வைத்துத்தான் படிக்கணும். `P005B3` மாதிரி இருக்கும். முதல் எழுத்து அச்சகம், அடுத்த மூன்று இலக்கம் தகடு, கடைசி இரண்டும் அந்தத் தாளில் நோட்டு இருந்த இடம். இங்கேதான் ஆட்கள் தடுமாறுவார்கள். வரிசை எண்ணில் P வந்தால் நெதர்லாந்து. இந்தக் குட்டிக் குறியீட்டில் P வந்தால் ம்யூனிக்கின் கீஸெக்கே & டெவ்ரியென்ட். வரிசை எண்ணில் N ஆஸ்திரியா, குறியீட்டில் N ஏதென்ஸில் இருக்கும் கிரேக்க வங்கியின் அச்சகம். ஒரே எழுத்து, இரண்டு பாஷை.

சரி, அச்சகம் போகட்டும், X நோட்டு ஜெர்மனியின் கடன்தானே என்று கேட்கலாம். அதுவும் இல்லை. 2002இலிருந்தே வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒவ்வொரு மத்திய வங்கியும் எல்லா மதிப்பு நோட்டையும் அடிப்பதில்லை. ஒன்றிரண்டு மதிப்பை மட்டும் மொத்தத்துக்கும் சேர்த்து அடித்து, மற்ற நாடுகளுக்கு அனுப்பும். ஆக ஏதென்ஸ் ஏடிஎம்மில் புத்தம்புது X நோட்டு வந்தால், அதை ஒரு ஜெர்மன் சுற்றுலாப் பயணி கொண்டுவந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. கணக்குப் புத்தகத்திலும் எழுத்துக்கு வேலையில்லை. 2001 டிசம்பரில் ஐரோப்பிய மத்திய வங்கி எடுத்த முடிவின்படி, புழக்கத்திலிருக்கும் மொத்த நோட்டின் மதிப்பில் 8 சதவீதம் அதன் பேரில் எழுதப்படும். மீதி 92 சதவீதம் நாடுகளின் மூலதனப் பங்கின்படி பிரியும். கையில் வரும் எந்த நோட்டையும் எந்த நாட்டு வங்கியும் ஒரே மாதிரிதான் நடத்தணும். அதாவது அந்த நாளில் எல்லாரும் S நோட்டை ஒதுக்கி X நோட்டைப் பதுக்கியிருந்தாலும் ஜெர்மனியின் பொறுப்பு ஒரு சென்ட்கூடக் கூடியிருக்காது.

இன்னொரு விஷயம். Yஐச் சுரண்டி X ஆக்கிவிடலாமே என்று யாருக்காவது தோன்றியிருந்தால், கடைசி இலக்கம் காட்டிக்கொடுக்கும். எழுத்துக்கு அகரவரிசையில் அதன் எண்ணைப் போடுங்கள், X என்றால் 24. பதினோரு இலக்கங்களையும் கூட்டிச் சேருங்கள். 9ஆல் வகுத்தால் மீதி 8 வரணும். உதாரணத்துக்கு நானே கட்டிய ஓர் எண்:

```
X12345678902
24 + 47 = 71
71 = 9 × 7 + 8
```

இதே இலக்கங்களுக்கு முன்னால் Y போட்டால் கூட்டுத்தொகை 72, மீதி 0. மாட்டிக்கொள்வார். மால்டாவின் F என்றால் தப்பிவிடும், ஏனென்றால் அதன் எண் 6, 24இலிருந்து சரியாகப் பதினெட்டு குறைவு. கள்ளநோட்டைக் கண்டுபிடிக்க இந்தக் கணக்கை நம்பக்கூடாது. நல்ல நோட்டின் எண்ணை அப்படியே நகலெடுத்தால் கணக்குச் சரியாகத்தான் வரும்.

2013 மே மாதம் ஐந்து யூரோவோடு ‘யூரோப்பா’ வரிசை தொடங்கியபோது நாட்டு எழுத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது இரண்டு எழுத்து, பத்து இலக்கம். முதல் எழுத்து அச்சகத்தைச் சொல்கிறது, முன்பக்கக் குட்டிக் குறியீடும் அதே எழுத்தில்தான் தொடங்கும். முடிந்தவரை பழைய எழுத்தையே அந்தந்த நாட்டு அச்சகத்துக்குக் கொடுத்ததால் குழப்பம் முழுசாகத் தீரவில்லை. S இப்போதும் இத்தாலி, Y இப்போதும் ஏதென்ஸ். ஆனால் X இப்போது ஜெர்மனி முழுவதுக்கும் இல்லை, ம்யூனிக் அச்சகத்துக்கு மட்டும். லைப்ஸிக்கில் இருக்கும் அதே கம்பெனியின் இன்னொரு அச்சகத்துக்கு, டென்மார்க்குக்காகக் காலியாகக் கிடந்த W. லக்சம்பர்க் தொடாத R பெர்லினில் இருக்கும் அச்சகத்துக்குப் போய்விட்டது. எஸ்டோனியாவின் பழைய D வார்சாவில் இருக்கும் அரசு அச்சகத்துக்கு. போலந்து யூரோவிலேயே இல்லை.

பழைய வரிசை நோட்டும் இன்னும் செல்லும். கையில் ஒன்று வந்தால் முதலில் எழுத்துகளை எண்ணிப் பாருங்கள். ஒன்றே இருந்தால் ஆர்டர் கொடுத்தவர், இரண்டு இருந்தால் முதலாவது அடித்துக் கொடுத்தவர்.