கற்காரை நெகிழ்வூட்டி

கற்காரை நெகிழ்வூட்டி என்பது, பேச்சு வழக்கில் காங்கிரீட் எனப்படும் கற்காரையைக் கலக்கும்போது மிகச் சிறிய அளவில் சேர்க்கப்படும் வேதிப்பொருள் ஆகும். இது கலவையின் இளக்கம் குறையாமலேயே அதில் ஊற்றும் நீரைக் குறைக்க உதவுகிறது. கடைகளில் பிளாஸ்டிசைசர் என்ற பெயரில், பெரும்பாலும் பழுப்பு நிற நீர்மமாகக் கிடைக்கிறது. கற்காரையில் சேர்க்கப்படும் கலப்புப் பொருட்கள் பல இருப்பினும், வீடு கட்டுவோருக்கு அதிகம் பயன்படுவது இதுவேயாகும்.

செயற்படும் முறை

சிமெண்ட் முழுமையாக வினைபுரிய அதன் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு நீர் போதுமானது. ஆனால் அவ்வளவு நீரில் கலந்தால் கலவை கெட்டியாக இருக்கும். கம்பிகளுக்கு இடையில் இறங்காது. எனவே கொத்தனார் மேலும் நீர் ஊற்றுகிறார். மிகுதியான இந்நீர் பின்னர் ஆவியாகி, கற்காரையில் நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. வலிமை குறைவதற்கும், கம்பி துருப்பிடிப்பதற்கும் இத்துளைகள் காரணமாகின்றன.

நீரில் விழும் சிமெண்ட் துகள்கள் சிறு திரள்களாக ஒட்டிக்கொண்டு, தம்மிடையே நீரின் ஒரு பகுதியைச் சிறைப்படுத்துகின்றன. நெகிழ்வூட்டியின் மூலக்கூறுகள் துகள்களின் மேற்பரப்பில் படிந்து, அவை ஒன்றையொன்று விலக்கும்படி செய்கின்றன. திரள்கள் கலைய, சிறைப்பட்ட நீர் விடுபட்டுக் கலவை இளகுகிறது. மரக்கூழ் ஆலைகளின் துணைவிளைபொருளான லிக்னோசல்போனேட்டால் ஆன சாதாரண நெகிழ்வூட்டி ஏறக்குறைய 5 முதல் 12 விழுக்காடு வரை நீரைக் குறைக்கும். நாப்தலீன் அல்லது பாலிகார்பாக்சிலேட் அடிப்படையிலான மீநெகிழ்வூட்டிகள் 20 விழுக்காட்டிற்கு மேலும் குறைக்க வல்லவை.

ஓர் எடுத்துக்காட்டு

1000 சதுர அடிப் பரப்பும் 5 அங்குலத் தடிப்பும் கொண்ட கூரைத் தளத்திற்கு ஏறக்குறைய 11.8 கன மீட்டர் கற்காரை தேவை. 1:1½:3 கலவையில் இதற்குச் சுமார் 93 மூட்டை சிமெண்ட் ஆகும். தேவையான இளக்கத்திற்கு மூட்டைக்கு 30 லிட்டர் நீர் வேண்டியுள்ளது எனக் கொண்டால், 50 கிலோ சிமெண்டுக்கு நீர்-சிமெண்ட் விகிதம் 0.60 ஆகும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, பாதிப்பு மிகக் குறைந்த சூழலில் உள்ள கம்பியிட்ட கற்காரைக்கு அனுமதிக்கும் உச்ச அளவு 0.55 மட்டுமே.

மூட்டைக்கு 150 மி.லி. நெகிழ்வூட்டி சேர்த்து நீரை 27 லிட்டராகக் குறைத்தால் விகிதம் 0.54 ஆகிறது. முழுத் தளத்திற்கும் தேவைப்படுவது ஏறத்தாழ 14 லிட்டர். நெகிழ்வூட்டி இல்லாமல் இதே விகிதத்தை அடைய வேண்டுமானால், நீரைக் குறைக்காமல் சுமார் 10 மூட்டை சிமெண்டைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். அதற்குச் செலவு கூடுவதோடு சுருக்க விரிசலும் மிகும். கடற்காற்று நேரடியாகப் படும் இடங்களில் விகிதம் 0.45-ஐத் தாண்டக்கூடாது என்பதால், அங்கு மீநெகிழ்வூட்டியே ஏற்றது.

இக்கணக்கு நீரை உண்மையில் குறைத்தால் மட்டுமே பொருந்தும். நெகிழ்வூட்டியை ஊற்றிவிட்டு நீரையும் பழைய அளவிலேயே ஊற்றுவது பணியிடங்களில் பரவலாகக் காணப்படும் தவறு. ஈர மணலையும் மறக்கக்கூடாது. ஒரு மூட்டைக்குரிய மணல் ஏறக்குறைய 80 கிலோ. அதில் 5 விழுக்காடு ஈரம் இருந்தால் 4 லிட்டர் நீர் கணக்கில் வராமலேயே கலவைக்குள் சென்றுவிடும். நெகிழ்வூட்டியால் மிச்சமாகும் 3 லிட்டரை விட இது அதிகம்! ஆகவே அளவுக் குவளையும், மணலின் ஈரம் பற்றிய கவனமும் இல்லாத இடத்தில் நெகிழ்வூட்டி வாங்குவது வீண் செலவேயாகும்.

சேர்க்கும் முறையும் பிழைகளும்

நெகிழ்வூட்டியை உலர்ந்த சிமெண்டின் மேல் ஊற்றக்கூடாது. பெரும்பகுதி நீரைச் சேர்த்துக் கலவை நனைந்த பின், எஞ்சிய நீரில் கரைத்து ஊற்றுவது நல்லது. இதன் விளைவு அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் குறையத் தொடங்கும். அப்போது மேலும் நீர் ஊற்றினால் பயன் முழுவதும் இழக்கப்படும்.

அளவு மிகுந்தால், லிக்னோசல்போனேட் வகை இறுகுதலைத் தாமதப்படுத்தும். மறுநாள் காலையிலும் தளம் நகத்தால் கீறக்கூடியதாக இருக்கலாம். உடனே இடித்துவிட வேண்டியதில்லை. ஈரம் காயாமல் காத்து, பலகைகளைப் பிரிக்காமல் விட்டால் பெரும்பாலும் பின்னர் இறுகும். ஆயினும் வலிமையைச் சோதித்த பிறகே முட்டுகளை எடுக்க வேண்டும். மீநெகிழ்வூட்டி மிகுந்தால் ஜல்லி அடியில் தங்க, மேலே பால் போன்ற நீர் மிதக்கும். முதல் நாளே ஒரு மூட்டைக் கலவையில் சோதித்துப் பார்ப்பது இவ்விரு பிழைகளையும் தவிர்க்க உதவும்.

பிற கலப்புப் பொருட்கள்

கம்பி நெருக்கமான தூண்களிலும், உத்தரமும் தூணும் கூடும் இடங்களிலும் நெகிழ்வூட்டி மிகவும் பயன்படும். அடித்தளத்தின் கீழ் இடும் கம்பியில்லாக் கற்காரைக்கு அது தேவையில்லை. இறுகுதலைத் தாமதப்படுத்தும் பொருட்கள் கோடை வெயிலிலும், லாரியில் வரும் ஆயத்தக் கலவைக்கும் உரியவை. விரைவுபடுத்தும் பொருட்கள் வெப்ப நாடுகளில் அரிதாகவே வேண்டப்படும். அவற்றுள் கால்சியம் குளோரைடு கம்பியை அரிக்குமாதலால் கம்பியிட்ட கற்காரையில் சேர்க்கலாகாது. நீர்க்கசிவுத் தடுப்பு நீர்மங்கள் பலவற்றிலும் நெகிழ்வூட்டியே முக்கியப் பொருளாக உள்ளது. விரிசல் வழியாகவும், வார்ப்பு இணைப்பு வழியாகவும் ஒழுகும் நீரை அவை தடுப்பதில்லை.