சிட்டையிலிருந்து பேரேட்டுக்கு: வெனிஸ் முறையில் ஒரு பதிவின் பயணம்

கையால் எழுதிய செலவுக் குறிப்பை இரட்டைப் பதிவுப் பேரேடாக மாற்றுவதை வெறும் பிரதியெடுப்பாகவே பலரும் எண்ணுகிறார்கள். தேதியைத் தேதிக் கட்டத்திலும் தொகையைத் தொகைக் கட்டத்திலும் எடுத்தெழுதினால் போதும் என்று தோன்றும். வரலாற்றைப் பார்த்தால், கட்டங்கள் பின்னால் வந்தவை. ஒரு வாக்கியத்தை இரண்டு கணக்குகளாகப் பிரிக்கும் தீர்ப்புதான் முதலில் வந்தது. அந்தத் தீர்ப்பு எந்தப் புத்தகத்தில், யார் கையில் நடந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இரட்டைப் பதிவுக்கு இன்று கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று, புளோரன்ஸ் வணிகர்களான பரோல்பி நிறுவனத்தின் 1299–1300ஆம் ஆண்டுப் பேரேடு. பிரான்சின் தெற்கே பிரோவான்சில் இருந்த கிளையில் அமாட்டினோ மனுச்சி என்பவர் அதை எழுதினார். அதில் பற்றுக்கும் வரவுக்கும் தனித்தனிப் பத்திகள் பக்கவாட்டில் இல்லை. பற்று மேலே ஒரு பத்தியாகவும் வரவு அதன் கீழே மற்றொரு பத்தியாகவும் முழு வாக்கியங்களில் எழுதப்பட்டன. ஆனாலும் ஒவ்வொரு பதிவும் தன் எதிர்ப்பதிவு எங்கே இருக்கிறது என்று சொல்லியது. வடிவம் வராதபோதே முறை வந்துவிட்டது.

ஜெனோவா நகராட்சியின் 1340ஆம் ஆண்டுப் பேரேட்டில் பற்றும் வரவும் ஒரே பக்கத்தில் இடமும் வலமுமாக நின்றன. அதில் மிளகுக்கென ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. நகராட்சி மிளகைக் கடனுக்கு வாங்கி, வாங்கிய விலைக்கும் குறைவாக விற்று, கைக்குப் பணம் திரட்டியிருக்கிறது. அந்த நட்டம் மிளகுக் கணக்கில் தொங்கிக்கொண்டு நிற்காமல் நட்டக் கணக்குக்கு மாற்றப்பட்டது. ஒரு சரக்கு, ஆளைப் போலவே பற்றும் வரவும் கொண்ட கணக்காகிவிட்டது. என் பார்வையில், பக்கத்தை இரண்டாகப் பிரித்ததைவிட இதுவே பெரிய மாற்றம்.

இந்த முறையை முதலில் அச்சில் விளக்கியவர் பிரான்சிஸ்கன் துறவியும் கணித ஆசிரியருமான லூகா பச்சோலி. 1494இல் வெனிசில் அச்சான அவரது பெரிய கணித நூலில் கணக்கெழுதுதல் ஒரு பகுதி. வெனிஸ் வணிகர்கள் ஏற்கெனவே செய்துவந்ததையே அவர் எழுதினார். மூன்று புத்தகங்கள் வேண்டும் என்றார். முதலாவது சிட்டை. நடந்தது நடந்தபடி, கைக்கு வந்த நாணயத்திலேயே அதில் எழுதப்படும். முதலாளி இல்லாதபோது குமாஸ்தாவோ, எழுதத் தெரிந்திருந்தால் வீட்டுப் பெண்களோ எழுதலாம். இரண்டாவது குறிப்பேடு. மூன்றாவது பேரேடு. சிட்டையில் விரிவாக இருப்பது குறிப்பேட்டில் சுருங்கும். பேரேட்டில் இன்னும் சுருங்கும்.

ஒரு கற்பனைப் பதிவை இந்த வழியில் நடத்திப் பார்ப்போம். சிட்டையில் இப்படி இருக்கிறது என்று கொள்வோம்: ‘மார்ச் 8. இன்னாரிடம் மிளகு 10 மூட்டை, மூட்டை 12 டக்காட் வீதம் வாங்கினேன். 60 ரொக்கமாகக் கொடுத்தேன். 40க்கு ஈடாக என்னிடமிருந்த இஞ்சி 2 பெட்டி கொடுத்தேன். மீதி ஆகஸ்ட் முடிவில் தருவதாகப் பேச்சு. தரகர் உடனிருந்தார்.’

குறிப்பேட்டுக்குப் போகும்போது எழுத்தர் முதலில் கேட்பது, எது பெற்றது, எது கொடுத்தது என்பதுதான். பெற்றது மிளகு மட்டும். கொடுத்தவை மூன்று: ரொக்கம், இஞ்சி, பாக்கிக்குக் காத்திருக்கும் விற்றவர். ஆகவே ஒரு வாக்கியம் மூன்று பதிவுகளாகிறது: மிளகுக்குப் பற்று, ரொக்கத்துக்கு வரவு 60; மிளகுக்குப் பற்று, இஞ்சிக்கு வரவு 40; மிளகுக்குப் பற்று, விற்றவருக்கு வரவு 20. வெனிசில் இரண்டு பெயர்களுக்கும் நடுவே இரண்டு சாய்கோடுகள் போட்டார்கள். தொகையை ஒரே ஒரு முறைதான் எழுதினார்கள். வெவ்வேறு நாணயங்கள் ஒரே நாணயமாவதும், பண்டமாற்றுக்கு விலை வைப்பதும் இந்தப் படியில்தான். இஞ்சியை 35க்கு வாங்கியிருந்தால், 40 வரவு வைத்ததும் இஞ்சிக் கணக்கு 5 இலாபத்தைக் காட்டும். பெட்டி எண்ணிக்கையை மட்டும் எழுதி விலையை விட்டுவிட்டால், அந்த இலாபம் எங்குமே தெரியாது.

குறிப்பேட்டில் ஏற்றியதும் சிட்டைப் பதிவின் மேல் ஒரு கோடு கிழிக்கப்படும். குறிப்பேட்டிலிருந்து பேரேட்டுக்குப் போகும்போது கோடுகள் இரண்டு: பற்றை ஏற்றியதும் ஒன்று, வரவை ஏற்றியதும் மற்றொன்று. பக்க ஓரத்தில் இரண்டு எண்கள், மேலே பற்றுக் கணக்கின் பக்கம், கீழே வரவுக் கணக்கின் பக்கம். வேலை பாதியில் நின்றாலும், எதுவரை ஏற்றியாயிற்று என்று மறுநாள் வேறொருவர் பார்த்தே அறியலாம். பழைய நோட்டுகளைப் பேரேடாக்குபவர்கள் இன்றும் இதைக் கடைப்பிடிக்கலாம். ஒரே பில் இரண்டு முறை ஏறுவதும் ஏறாமலே போவதும் இந்தக் கோடு இல்லாத இடத்தில்தான்.

மிளகை ஜூன் 2இல் 112 டக்காட்டுக்கு ரொக்கமாக விற்றதாக வைத்துக்கொண்டால், இன்றைய நான்கு கட்ட வடிவில் மிளகுக் கணக்கு இப்படி நிற்கும்:

| தேதி | விவரம் | பற்று | வரவு |
|---|---|---|---|
| மார்ச் 8 | ரொக்கம், பக்கம் 1 | 60 | |
| மார்ச் 8 | இஞ்சி, பக்கம் 3 | 40 | |
| மார்ச் 8 | விற்றவர், பக்கம் 6 | 20 | |
| ஜூன் 2 | ரொக்கம், பக்கம் 1 | | 112 |
| ஜூன் 2 | இலாப நட்டம், பக்கம் 9 | | 8 |
| | மொத்தம் | 120 | 120 |

விவரக் கட்டத்தில் இருப்பது நடந்த கதை அல்ல, எதிர்க்கணக்கின் பெயரும் பக்கமும். இஞ்சியை ஈடாகக் கொடுத்த பேரம், ஆகஸ்ட் கெடு, தரகர் எல்லாம் சிட்டையிலேயே தங்கிவிட்டன. விற்றவர் பின்னால் வந்து கெடு ஜூலை என்று வாதிட்டால் பேரேடு எதையும் சொல்லாது. சிட்டையை அதிகாரிகளிடம் காட்டி அடையாளம் பெற்றுக்கொள்ளும் வழக்கத்தைப் பச்சோலி பாராட்டியதற்கு இதில் நல்ல காரணம் இருக்கிறது.

சரிபார்ப்புக்கு அவர் சொன்னது இருவர் செய்யும் வேலை. ஒருவர் குறிப்பேட்டை வாசிக்க, மற்றவர் பேரேட்டில் அந்த இரண்டு இடங்களையும் தேடிப் பார்த்து ஒவ்வொன்றிலும் புள்ளி வைப்பார். முடிவில் புள்ளி விழாத பதிவு இருந்தால் அது பிழை. பிறகு ஒரு தாளை நீளவாக்கில் மடித்து, ஒரு பக்கம் பற்றுகளையும் மறுபக்கம் வரவுகளையும் எழுதிக் கூட்டிப் பார்ப்பது. ரொக்கத்தின் 60ஐ வரவு வைக்காமல் தவறிப் பற்றில் எழுதியிருந்தால் வித்தியாசம் 120 வரும். வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகையைப் பற்றுப் பக்கத்தில் தேடினால் பிழை பிடிபடும். தவறான பக்கத்தில் விழுந்ததை அடித்துச் சுரண்டக் கூடாது என்றும் அவர் சொன்னார். எதிர்ப்பக்கத்தில் அதே தொகையை ஒரு குறியிட்டு எழுதிச் சரிக்கட்ட வேண்டும்.

ஆனால் விற்றவருக்குரிய 20ஐ அதே பெயருள்ள வேறொருவர் கணக்கில் வரவு வைத்தால் இரு பக்கமும் கச்சிதமாகச் சமன்படும். குறிப்பேட்டுக்கே வராமல் விடுபட்ட சிட்டைப் பதிவும் அப்படித்தான். இருப்பாய்வு சமன்பட்டதாலேயே பேரேடு சரி என்று நம்புவது, அன்று முதல் இன்றுவரை கணக்கெழுதுபவர்களை ஏமாற்றும் இடம். இவற்றைப் பிடிக்கச் சிட்டைக்கே திரும்பிப் போக வேண்டும்.

குறிப்பேட்டில் பற்றுக்கும் வரவுக்கும் தனித்தனித் தொகைக் கட்டங்கள் வெனிஸ் வழக்கத்தில் இல்லை. 1796இல் இங்கிலாந்தின் எட்வர்ட் ஜோன்ஸ் இத்தாலிய முறையைக் கடுமையாகக் கண்டித்து ஒரு நூல் வெளியிட்டார். நாட்குறிப்பிலேயே பற்றுக்கும் வரவுக்கும் கட்டம் பிரித்து, அங்கேயே கூட்டிப் பேரேட்டோடு ஒப்பிடலாம் என்பது அவர் வாதம். அவருடைய முறை நிலைக்கவில்லை. பதிவு பிறக்கும் புத்தகத்திலேயே தொகைகளைக் கட்டம் பிரித்துக் கூட்டும் பழக்கம் மட்டும் நிலைத்தது. எழுத்தர் தன் தீர்ப்பைப் பெயர்களாலும் சாய்கோடுகளாலும் சொன்ன இடத்தில், தொகை விழும் கட்டமே அதைச் சொல்லத் தொடங்கியது.