பீரியட்ஸ் முடிந்த பிறகும் ரத்தக்கசிவா? கர்ப்பப்பைக்குள் 'பாலிப்' இருந்தால் எப்படி அகற்றுகிறார்கள்?

மாதவிடாய் சரியான தேதியில் வருகிறது, ஐந்து நாளில் நின்றும் விடுகிறது. ஆனால் பத்து நாள் கழித்து உள்ளாடையில் மறுபடியும் லேசான ரத்தக்கறை. இரண்டு நாள் இருந்துவிட்டு தானாகவே போய்விடும். 'உடம்பு சூடு', 'வேலை அதிகம்' என்று பல பெண்கள் இதை மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். ஸ்கேன் எடுத்தபின் 'பாலிப்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் நேர் எதிராக, புற்றுநோயோ என்று பயந்து கர்ப்பப்பையையே எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறார்கள். இரண்டுமே தேவையில்லை.

பாலிப் என்றால் என்ன?

கர்ப்பப்பையின் உட்புறம் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதுதான் மாதாமாதம் வளர்ந்து, உதிர்ந்து, மாதவிடாயாக வெளியேறுகிறது. இந்தச் சவ்வின் ஒரு சிறு பகுதி மட்டும் அளவுக்கு மீறி வளர்ந்து, ஒரு மரு போல உள்ளே துருத்திக்கொண்டு நிற்பதுதான் பாலிப். சிலருக்கு மெல்லிய காம்பில் தொங்கும், சிலருக்கு அடி அகலமாக ஒட்டியிருக்கும். அளவும் சில மில்லிமீட்டரில் இருந்து சில சென்டிமீட்டர் வரை மாறும்.

பாலிப்புக்குள் தனியாக ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. மற்ற சவ்வு மாதவிடாயோடு உதிர்ந்தாலும் பாலிப் உதிராமல் அங்கேயே நிற்கும். அதன் நுனி உரசி, புண்ணாகி கசியும்போதுதான் இரண்டு பீரியட்ஸுக்கு நடுவே ரத்தம் படுகிறது. எந்த அறிகுறியும் இல்லாமல், வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிவதும் உண்டு.

இது புற்றுநோயா? பெரும்பாலும் இல்லை. மாதவிடாய் நிற்காத பெண்களில், அகற்றிய பாலிப்புகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டில்தான் புற்றுநோயோ அதற்கு முந்தைய மாற்றமோ தெரிகிறது. மாதவிடாய் முழுசாக நின்றுபோன பிறகு அது நூற்றுக்கு ஐந்து அளவுக்கு உயர்கிறது. அதனால் மெனோபாஸுக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் காத்திருக்கக் கூடாது. மார்பகப் புற்றுநோய்க்காக டமாக்சிஃபென் மாத்திரை எடுப்பவர்களும் அப்படித்தான்.

ஸ்கேனை எந்த நாளில் எடுப்பது?

நடுவில் ரத்தம் படுவதெல்லாம் பாலிப்பால்தான் என்று சொல்லிவிட முடியாது. கர்ப்பம், கருத்தடை மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பிடுவது, காப்பர் டி, கர்ப்பப்பை வாயில் தொற்று, கர்ப்பப்பை வாய் புற்றுநோய் என்று காரணங்கள் பல. அதனால் நல்ல மருத்துவர் ஸ்கேனுக்கு முன்னாலேயே சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்வார், கருவி வைத்து கர்ப்பப்பை வாயை நேரில் பார்ப்பார். வாயிலேயே தொங்கும் பாலிப்பாக இருந்தால் அப்போதே கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதை ஓ.பி.யிலேயே எடுத்துவிடவும் முடியும்.

உள்ளே இருப்பதைப் பார்க்க, பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேன்தான் வயிற்றின் மேல் வைத்து எடுப்பதைவிட தெளிவு. இதில் பலருக்கும் தெரியாதது, ஸ்கேன் எடுக்கும் நாள். மாதவிடாய் முடிந்த கையோடு, அதாவது முதல் நாளிலிருந்து எண்ணினால் ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் நடுவில் எடுக்க வேண்டும். அப்போது சவ்வு மெல்லிசாக இருப்பதால் பாலிப் தனியாகத் தெரியும். இருபதாம் நாளுக்கு மேல் சவ்வே தடித்து வெள்ளையாக இருக்கும். பாலிப் அதற்குள் மறைந்துபோகலாம், இல்லாத பாலிப் இருப்பது மாதிரியும் தோன்றலாம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். (இது விளக்கத்துக்காகச் சொல்வது, குறிப்பிட்ட நபர் அல்ல.) குரோம்பேட்டையில் 42 வயது பெண், இரண்டு பிள்ளைகள். நான்கு மாதமாக நடுவில் ரத்தக்கசிவு. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு சென்டரில் 22-ம் நாளில் ஸ்கேன் எடுத்தார். 'உள்சவ்வு தடிப்பு 14 மி.மீ.' என்று ரிப்போர்ட் வந்தது. வீட்டில், "பிள்ளைதான் பெத்தாச்சே, கர்ப்பப்பையை எடுத்துட்டா நிம்மதி" என்றார்கள். மருத்துவர் அடுத்த மாதம் 7-ம் நாளில் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இப்போது சவ்வு 5 மி.மீ. மட்டும். அதற்குள் 14 மி.மீ. நீளத்தில் ஒரு பாலிப், டாப்ளரில் அதற்குள் நுழையும் ஒற்றை ரத்தக்குழாய். பிரச்சினை கர்ப்பப்பை முழுவதும் இல்லை, ஓர் இடத்தில் மட்டும்தான் என்பது அந்த இரண்டாவது ஸ்கேனில்தான் புரிந்தது.

இரண்டாவது ஸ்கேனிலும் சந்தேகம் தீரவில்லை என்றால், மெல்லிய குழாய் வழியாக சில மில்லி சலைன் உள்ளே செலுத்தி ஸ்கேன் பார்ப்பார்கள். தண்ணீர் நடுவே பாலிப் தனியாக மிதப்பது போலத் தெரியும்.

எல்லா பாலிப்பையும் எடுக்கணுமா?

வேண்டியதில்லை. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக, அறிகுறியே இல்லாமல், மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு இருந்தால் சில மாதம் பொறுத்து மறுபடி ஸ்கேன் பார்க்கலாம். சிறிய பாலிப்புகளில் சுமார் நான்கில் ஒன்று ஒரு வருடத்துக்குள் தானாகவே மறைந்துவிடுகிறது. ரத்தம் படுகிறது, அளவு பெரிது, குழந்தைக்கு முயற்சி செய்கிறார், மெனோபாஸ் ஆகிவிட்டது என்றால் எடுப்பதுதான் வழக்கம். மாத்திரையால் ரத்தக்கசிவு கொஞ்ச நாள் அடங்கலாம், ஆனால் பாலிப் அங்கேயேதான் இருக்கும்.

அகற்றுவது எப்படி?

இதற்கு வயிற்றில் கத்தி வைப்பதில்லை, தையலும் இல்லை. 'ஹிஸ்டிரோஸ்கோப்' என்ற, பென்சிலைவிட மெல்லிய, கேமரா பொருத்திய குழாயை பிறப்புறுப்பு வழியாக, கர்ப்பப்பை வாயைத் தாண்டி உள்ளே செலுத்துகிறார்கள். இதற்கும் ஏற்ற நேரம் மாதவிடாய் முடிந்த முதல் சில நாட்கள்தான்.

முந்தைய நாளே ரத்தப் பரிசோதனைகளும் கர்ப்பம் இல்லை என்ற உறுதியும் கேட்பார்கள். மயக்க மருந்து என்றால் ஆறு மணி நேரம் சாப்பாடு கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடணும், தானாக நிறுத்தக் கூடாது.

கர்ப்பப்பை என்பது சுருங்கிய பை. முன்சுவரும் பின்சுவரும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் சலைனை மெதுவாகச் செலுத்தி விரிய வைக்கிறார்கள். திரையில் முதலில் தேடுவது இரண்டு மூலைகளிலும் உள்ள சின்னத் துளைகளை, அதாவது கருக்குழாய்களின் வாயை. அவை இரண்டும் தெரிந்தால்தான் முழு அறையையும் பார்த்தாகிவிட்டது என்று அர்த்தம். பிறகு பாலிப்பின் அடியைக் கண்டுபிடித்து, சின்னக் கத்தரியால் அங்கேயே வெட்டி, இடுக்கியால் பிடித்து வெளியே எடுக்கிறார்கள். அடி அகலமாக இருந்தால் மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் சீவி எடுப்பார்கள். வெட்டிக்கொண்டே உறிஞ்சும் கருவியும் சில மருத்துவமனைகளில் உண்டு. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அன்றே வீடு திரும்பலாம்.

மயக்க மருந்து இல்லாமல், மெல்லிய ஸ்கோப்பால் ஓ.பி.யிலேயே செய்வதும் உண்டு. பீரியட்ஸ் வலி போல ஒரு இறுக்கமான வலி இருக்கும். தாங்க முடியவில்லை என்றால் நிறுத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

இந்த யோசனை புதுசு இல்லை. 1869-ல் பாண்டலியோனி என்ற மருத்துவர், மெனோபாஸுக்குப் பிறகு ரத்தம் வந்த 60 வயதுப் பெண்ணின் கர்ப்பப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்து, அங்கே இருந்த பாலிப்பை சில்வர் நைட்ரேட்டால் சுட்டார். கர்ப்பப்பைக்குள் பார்த்துச் செய்த முதல் சிகிச்சையாகப் பதிவானதே பாலிப்புக்குத்தான்!

'டி அண்ட் சி' போதாதா?

இங்கேதான் நீங்கள் கேள்வி கேட்க வேண்டும். டி அண்ட் சி என்பது உள்ளே பார்க்காமல், கை உணர்வை நம்பி சுரண்டி எடுப்பது. காம்பில் தொங்கும் பாலிப் கருவியின் முன்னால் நழுவி ஒதுங்கிவிடும். சுற்றியுள்ள சவ்வு வந்துவிடும், பாலிப் தங்கிவிடும், அல்லது பாதி அறுந்து வரும். பரிசோதனைக்குப் போன சவ்வு 'நார்மல்' என்று ரிப்போர்ட் வரும், ஆனால் இரண்டு மாதத்தில் ரத்தக்கசிவு திரும்பும். கருவி இருக்கும் இடத்தில், பாலிப் என்று தெரிந்த பிறகு பார்க்காமல் சுரண்டுவது சரியான தேர்வு இல்லை. "டாக்டர், இதை ஸ்கோப் வழியா பார்த்துத்தான் எடுப்பீங்களா?" என்று நேரடியாகவே கேளுங்கள்.

கர்ப்பப்பையை எடுப்பது இன்னும் பெரிய முடிவு. சாதாரண பாலிப்புக்கு அது தேவையே இல்லை. தேவையில்லாத கர்ப்பப்பை அகற்றங்கள் தொடர்பான வழக்கில், மத்திய அரசின் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் பின்பற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது.

என்ன தவறு நேரலாம்?

அரிதாக கர்ப்பப்பைச் சுவரில் துளை விழலாம். மெனோபாஸ் ஆனவர்களுக்கு வாய் இறுகியிருப்பதால் இந்த வாய்ப்பு கொஞ்சம் அதிகம். செலுத்தும் திரவம் ரத்தத்தில் அதிகம் கலந்துவிடும் அபாயமும் உண்டு. அதனால்தான் எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று கணக்கு வைத்துக்கொண்டே இருப்பார்கள். வித்தியாசம் எல்லையைத் தாண்டினால், பாலிப் மிச்சம் இருந்தாலும் நிறுத்திவிட்டு இன்னொரு நாள் முடிப்பார்கள்.

வீட்டுக்கு வந்தபின் சில நாள் லேசான ரத்தமும் வயிற்று வலியும் சகஜம், சிலருக்கு இரண்டு வாரம் வரை நீடிக்கும். ரத்தம் நிற்கும் வரை தாம்பத்திய உறவு வேண்டாம். காய்ச்சல், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், குறையாமல் கூடிக்கொண்டே போகும் வலி, ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுசாக நனைவது - இதில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடணும்.

எங்கே போவது?

குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் பக்கம் இருப்பவர்கள் குரோம்பேட்டை அரசு மருத்துவமனையின் மகப்பேறு, மகளிர் நல ஓ.பி.யில் தொடங்கலாம். மேல்சிகிச்சை தேவை என்றால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பீச் - தாம்பரம் லைனிலேயே இறங்கிப் போகக்கூடிய, 1844-ல் தொடங்கிய எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையும் இருக்கிறது. தனியாரில் செய்வதாக இருந்தால் ஸ்கோப், மயக்க மருந்து, பயாப்ஸி மூன்றும் ஒரே கட்டணத்துக்குள் வருகிறதா என்று முன்பே எழுதி வாங்குங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டு கவுண்டரில் விசாரிப்பது நல்லது.

பயாப்ஸி ரிப்போர்ட்டை விடாதீங்க

எடுத்த பாலிப் ஃபார்மலின் பாட்டிலில் போட்டு பரிசோதனைக்குப் போகும். கண்ணால் பார்த்து 'சாதாரணமாத்தான் இருக்கு' என்று சொல்வது போதாது. நாம் சொன்ன 42 வயதுப் பெண்ணுக்கு ஒரு வாரம் கழித்து 'சாதாரண பாலிப், செல்களில் மாற்றம் இல்லை' என்று ரிப்போர்ட் வந்ததாக வைத்துக்கொள்வோம். அவருக்கு வேறு சிகிச்சை தேவையில்லை. செல்களில் மாற்றம் இருப்பதாக வந்தால்தான் அடுத்த கட்டம் பற்றிப் பேச வேண்டும். பாலிப் மறுபடி வளரவும் வாய்ப்பு இருக்கிறது. அதனால் டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட், பழைய ஸ்கேன் படங்கள் மூன்றையும் ஒரே ஃபைலில் வைத்திருங்கள். நடுவில் மறுபடி ரத்தம் பட்டால் அந்த ஃபைலோடுதான் ஓ.பி.க்குப் போகணும்.