ஒரு குளத்தில் அடங்கும் பொன்

பாகூர்ப் பக்கத்திலிருந்து வரும் என் மாணவர் ஒருவர் ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் கேட்டார்: "சார், நெல் கூடுதலாக விளைந்தால் விலை இறங்கிவிடுகிறது. பொன்னை மட்டும் வருடா வருடம் தோண்டி எடுக்கிறார்கள். ஆனாலும் பவுன் விலை இறங்க மாட்டேன் என்கிறதே, ஏன்?" நல்ல கேள்வி. விடை காண, முதலில் உலகில் எவ்வளவு பொன் இருக்கிறது என்று அறிய வேண்டும்.

மனிதன் தோன்றிய நாள் முதல் 2024 முடிய மண்ணிலிருந்து எடுத்த பொன் சுமார் 2,16,000 டன் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் பொன் மிகுந்த அடர்த்தி உடையது. ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. ஒரு கன மீட்டர் பொன்னோ 19.3 டன். ஆகவே உலகப் பொன் முழுவதன் பருமன் சுமார் 11,200 கன மீட்டர்தான். 75 மீட்டர் நீளமும் 75 மீட்டர் அகலமும் 2 மீட்டர் ஆழமும் உள்ள ஒரு குளத்தை எண்ணிப் பாருங்கள். வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அப்படிப்பட்ட குளங்கள் உண்டு. உலகத்துப் பொன் அனைத்தையும் உருக்கி ஊற்றினால் அந்த ஒரு குளம் நிறையும், அவ்வளவே.

இப்போது உலகச் சுரங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 3,600 டன் பொன் தருகின்றன. அதை நம் குளத்தில் ஊற்றினால் மட்டம் மூன்றேகால் சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டு விரற்கடை உயரும். நெல்லுக்கும் பொன்னுக்கும் உள்ள வேறுபாடு இங்குதான் இருக்கிறது. இந்த ஆண்டு விளைந்த நெல்லைத் தின்று தீர்த்துவிடுகிறோம்; அடுத்த ஆண்டு அறுவடையே அடுத்த ஆண்டுச் சோறு. பொன்னிலோ, கையிருப்பு ஓர் ஆண்டு 'விளைச்சலை'ப் போல அறுபது மடங்கு.

அழியாத பொருள்

இவ்வளவு இருப்பு சேர்ந்தது எப்படி? பொன் துருப்பிடிப்பதில்லை, காற்றும் நீரும் சாதாரண அமிலங்களும் அதை ஒன்றும் செய்வதில்லை. விலை மிகுந்ததாகையால் யாரும் எறிந்துவிடுவதும் இல்லை. பொற்கொல்லர் பட்டறையைப் பெருக்கிய தூசியைக்கூட விலைக்கு வாங்கி அலசிப் பொன் எடுப்பவர்கள் உண்டு.

புதுவைக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு, ரோமானியருடன் நடந்த வாணிகத்தை வெளிக்கொணர்ந்தது. அந்த வாணிகத்தால் இந்தியா ஆண்டுதோறும் ரோமாபுரியின் செல்வத்தில் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்று முதல் நூற்றாண்டில் பிளினி வருந்தி எழுதினார். நூறு செஸ்டர்ஸ் ஒரு பொற்காசு. அதன் எடை ஏழு கிராமுக்கு மேல், கிட்டத்தட்ட நம் ஒரு பவுன். முழுத் தொகையும் பொன்னாகவே வந்தது என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 4 டன்னுக்கும் குறைவுதான். இன்று இந்தியா ஆண்டுக்கு 700, 800 டன் பொன் இறக்குமதி செய்கிறது. பிளினி புலம்பிய ஓர் ஆண்டுப் பொன், நமக்கு இரண்டு நாள் இறக்குமதி!

புதுக்கோட்டைப் பகுதியில் 1898-இல் கிடைத்த புதையலில் 501 ரோமானியப் பொற்காசுகள் இருந்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலை உருவத்தின்மேல் உளியால் வெட்டப்பட்டிருந்தது. இனி இது காசாகச் செல்லாது, பொன்னாகவே மதிக்கப்படும் என்பதற்கான அடையாளம் அது என ஆய்வாளர் பலர் கருதுவர். இப்படிப் புதைந்து போகாத காசுகள் பல உருக்கப்பட்டு நகையாகி, மீண்டும் உருக்கப்பட்டு வேறு நகையாகியிருக்கும். உங்கள் வீட்டுத் தாலியில் ரோமானியப் பொன் ஓர் அணுவேனும் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?

யார் கையில்?

உலகப் பொன்னை நூறு பங்காக்கினால் ஏறத்தாழ 45 பங்கு நகையாக உள்ளது. 22 பங்கு கட்டியாகவும் காசாகவும் முதலீட்டாளரிடம் உள்ளது. நாடுகளின் மைய வங்கிகளிடம் 17 பங்குதான். மீதி தொழில் முதலிய பிற வகைகளில் இருக்கிறது. அரசுகளில் அமெரிக்காவே முதல். அதனிடம் 8,133 டன்.

இந்தியக் குடும்பங்களிடம் சுமார் 25,000 டன் இருக்கலாம் என்பது மதிப்பீடு. வீட்டுப் பெட்டிகளை யாரும் திறந்து எடை போடவில்லை. ஆகவே இது சற்று முன்பின் இருக்கலாம். நம் ரிசர்வ் வங்கியிடம் இருப்பதோ சுமார் 880 டன். 1991-இல் அந்நியச் செலாவணி வற்றியபோது ரிசர்வ் வங்கி 47 டன் பொன்னை அடகு வைத்து வெளிநாட்டுக் கடன் பெற்றது. அரசு 47 டன்னுக்குத் திண்டாடிய நேரத்தில் குடிமக்களின் பெட்டிகளில் ஆயிரக்கணக்கான டன் உறங்கிக்கொண்டிருந்தது!

கோலார் சொல்லும் கதை

சரி, இன்னும் வேகமாகத் தோண்டினால் என்ன? கோலார் தங்கவயலின் வரலாறு இதற்கு விடை தரும். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே பணியைத் தொடங்கியது. வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளரே பெரும்பாலும் பாறையைக் குடைந்தவர்கள்.

பூமியின் மேலோட்டில் சராசரியாக ஆயிரம் டன் பாறைக்கு நாலு கிராம் பொன்கூட இராது. எங்கோ சில இடங்களில் மட்டும், பழங்காலத்தில் ஆழத்திலிருந்து வந்த வெந்நீர் பொன்னைக் கரைத்துக் கொணர்ந்து, பாறைப் பிளவுகளில் வெண்கல் படிவோடு சேர்த்து விட்டுச் சென்றது. கோலார் அத்தகைய இடம். தொடக்கத்தில் அங்கே ஒரு டன் தாதுவில் 47 கிராம் வரை பொன் கிடைத்தது. ஒரு பவுன், அதாவது 8 கிராம் பொன், கொண்டைக்கடலை அளவுதான் இருக்கும். அதற்கு அன்று 170 கிலோ பாறையை உடைத்தால் போதும். கடைசிக் காலத்தில் டன்னுக்கு 3 கிராம்தான் தேறியது; ஒரு பவுனுக்கு 2,700 கிலோ பாறையை உடைத்து, மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைக்க வேண்டியதாயிற்று.

அந்தப் பாறையும் எளிதில் எட்டுவதாக இல்லை. சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போயிற்று. அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசுக்கு மேல். குளிர்ந்த காற்றை இடைவிடாமல் உள்ளே செலுத்தினால்தான் ஆள் நிற்க முடியும். மேலுள்ள பாறையின் பளுவைத் தாங்கிய சுவர்கள் திடீரென வெடித்துச் சிதறித் தொழிலாளரைக் கொன்றன. எடுக்கும் செலவு பொன்னின் விலையைத் தாண்டவே, 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. பொன் முற்றும் தீர்ந்துவிட்டதால் மூடவில்லை, கட்டுப்படியாகாததால் மூடினார்கள். நீர் இறைப்பு நின்றதும் குடைவுகளில் தண்ணீர் நிரம்பிவிட்டது.

120 ஆண்டுகளில் அங்கிருந்து கிடைத்த மொத்தப் பொன் சுமார் 800 டன். இந்தியா இன்று ஓர் ஆண்டில் இறக்குமதி செய்யும் அளவுதான் அது. மூன்று நான்கு தலைமுறை உழைப்பு நமக்கு ஓராண்டுக்கே போதும்!

விலை உயர்ந்தால் சுரங்கம் பெருகாதா? பெருகும்; ஆனால் மெதுவாக. ஒரு படிவத்தைக் கண்டறிந்து முதல் பொன் எடுக்கப் பெரும்பாலும் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. 2001-க்கும் 2024-க்கும் இடையில் உலகச் சந்தையில் பொன் விலை டாலர் கணக்கில் எட்டு மடங்குக்கு மேல் ஆயிற்று. சுரங்க உற்பத்தியோ சுமார் 2,600 டன்னிலிருந்து 3,600 டன்னாகத்தான் உயர்ந்தது.

எனவே அந்த மாணவரிடம் நான் சொன்னது இதுதான்: பொன் விலையைச் சுரங்கக்காரர் தனியே முடிவு செய்வதில்லை. குளத்து நீரை வைத்திருப்பவர்கள் அதை விடுவார்களா, பிடித்து வைப்பார்களா என்பதே பெரிது. உலகில் ஆண்டுதோறும் 1,300 டன்னுக்கு மேல் பழைய பொன் மீண்டும் சந்தைக்கு வருகிறது. அதில் பெரும்பகுதி பழைய நகை. அவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "எங்கள் அம்மா போன சம்பா நடவுக்கு வளையலை அடகுதான் வைத்தார்கள், விற்க மனம் வரவில்லை." குளத்தின் மதகு திறக்காத காரணத்தை அவரே சொல்லிவிட்டார்.