தாழ்நிலைப் பண்டங்களும் கிஃபென் பண்டங்களும்

நுகர்வோரின் வருமானம் உயரும்போது வாங்கப்படும் அளவு குறைகின்ற பண்டம் தாழ்நிலைப் பண்டம் எனப்படும். விலை உயரும்போது வாங்கப்படும் அளவு கூடுகின்ற பண்டம் கிஃபென் பண்டம் எனப்படும். முதலாவது வருமான மாற்றத்தையும் இரண்டாவது விலை மாற்றத்தையும் சார்ந்த வரையறை. கிஃபென் பண்டம் ஒவ்வொன்றும் தாழ்நிலைப் பண்டமே. ஆனால் தாழ்நிலைப் பண்டங்களில் மிகச் சிலவே கிஃபென் பண்டங்களாகும். "தாழ்நிலை" என்னும் சொல் பண்டத்தின் தரத்தையோ சத்தையோ குறிப்பதன்று.

கொங்கு நாட்டுச் சோளம்

மழை குறைந்த கொங்கு நாட்டின் மானாவாரிப் பகுதிகளான பல்லடம், காங்கேயம், தாராபுரம் ஆகியவற்றில் சோளமும் கம்பும் நெடுங்காலம் அன்றாட உணவாக இருந்தன. நெல்லுச்சோறு பண்டிகைக்கும் விருந்துக்கும் உரியதாக இருந்தது. வருமானம் பெருகியபோது மக்கள் சோளத்தைக் குறைத்து அரிசிக்கு மாறினர். இவ்வகையில் சோளம் ஒரு தாழ்நிலைப் பண்டமாகும்.

எங்கெல் வளைகோடு

விலைகள் மாறாதிருக்க, வருமானத்திற்கும் வாங்கும் அளவுக்கும் உள்ள தொடர்பைக் காட்டுவது எங்கெல் வளைகோடு. குடும்பச் செலவுகளை ஆராய்ந்து 1857இல் முடிவுகளை வெளியிட்ட செருமானியப் புள்ளியியலாளர் ஏர்ன்ஸ்ட் எங்கெலின் பெயரால் இது அழைக்கப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, ஒரு கூலிக் குடும்பத்திற்கு மாதம் 20 கிலோ தானியம் தேவை எனக் கொள்வோம். சோளம் கிலோ 2 ரூபாய், அரிசி 4 ரூபாய். குடும்பம் அரிசியையே விரும்புகிறது. ஆனால் முதலில் வயிறு நிறைய வேண்டும். (இவை விளக்கத்திற்கான கற்பனை எண்கள்.)

| தானியச் செலவுக்கான பணம் (ரூ.) | சோளம் (கிலோ) | அரிசி (கிலோ) |
|---|---|---|
| 30 | 15 | 0 |
| 40 | 20 | 0 |
| 50 | 15 | 5 |
| 60 | 10 | 10 |
| 80 | 0 | 20 |

பணத்தைக் கிடை அச்சிலும் சோளத்தை நிலை அச்சிலும் குறித்தால், கோடு 40 ரூபாய் வரை ஏறிப் பின்னர் இறங்குகிறது. ஏறும் பகுதியில் சோளம் இயல்புப் பண்டம். இறங்கும் பகுதியில் தாழ்நிலைப் பண்டம். ஆகவே தாழ்நிலை என்பது பண்டத்தின் நிலையான இயல்பன்று. வாங்குபவரின் வருமானத்தைப் பொறுத்தது.

விலை மாற்றத்தின் விளைவு

50 ரூபாய் உள்ள குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சோளத்தின் விலை 2.50 ரூபாயாக உயர்கிறது. பழையபடி 15 கிலோ சோளமும் 5 கிலோ அரிசியும் வாங்க இப்போது 57.50 ரூபாய் வேண்டும், 7.50 ரூபாய் குறைகிறது. தானியத்தின் மொத்த அளவைக் குறைக்க இயலாததால் அரிசியைத்தான் கைவிட வேண்டும். 20 கிலோவும் சோளமாகவே வாங்கினால் செலவு சரியாக 50 ரூபாய். விலை ஏறியும் சோளம் 15 கிலோவிலிருந்து 20 கிலோவாகக் கூடிவிட்டது.

விலை மாற்றம் இரு வழிகளில் செயற்படுகிறது. விலை ஏறிய பண்டத்தை விட்டு வேறொன்றை நாடுவது பதிலீட்டு விளைவு. வாங்கும் ஆற்றல் குறைவதால் ஏற்படுவது வருமான விளைவு. மேற்கண்ட குடும்பத்திற்கு 7.50 ரூபாயை ஈடாகக் கொடுத்தால் அது பழைய 15 கிலோ சோளத்தையே வாங்கும். எனவே இங்குப் பதிலீட்டு விளைவு சுழியம். 5 கிலோ உயர்வு முழுவதும் வருமான விளைவே. நடைமுறையில் பதிலீட்டு விளைவு சிறிதேனும் இருக்கும். வருமான விளைவு அதனை விஞ்சினால் மட்டுமே பண்டம் கிஃபென் பண்டமாகும்.

விலை 3 ரூபாயானால் 50 ரூபாய்க்கு ஏறத்தாழ 16.7 கிலோ சோளமே கிடைக்கும். கைவிட அரிசி இல்லாததால் சோளத்தின் அளவும் குறையத் தொடங்குகிறது. அதாவது கிஃபென் நடத்தை மிக வறியவரிடமும் வசதியுள்ளவரிடமும் அன்றி, இடைப்பட்ட ஏழைகளிடமே தோன்றும்.

அரிதாக இருப்பதன் காரணங்கள்

சோளம் தாழ்நிலைப் பண்டம் என்பதிலிருந்து அது கிஃபென் பண்டம் என்று முடிவு செய்ய இயலாது. சோளம் விலை ஏறினால் கம்புக்கோ ராகிக்கோ மாறலாம். சோளம் விளைவித்து விற்கும் உழவருக்கு விலை உயர்வு வருமான உயர்வாகும். கூலியைத் தானியமாகப் பெறுபவரைச் சந்தை விலை அவ்வளவாகத் தாக்காது. மேலும், விலையும் விற்பனையும் சேர்ந்து உயர்வது மட்டும் சான்றாகாது. பண்டிகைக்காலத் தேவையோ, விலை இன்னும் ஏறும் என்ற அச்சமோ அதற்குக் காரணமாகலாம்.

ஆல்பிரட் மார்சல் தம் பொருளியல் நூலின் 1895ஆம் ஆண்டுப் பதிப்பில், ஏழைகள் உண்ணும் ரொட்டியைச் சுட்டி இக்கருத்தை ராபர்ட் கிஃபெனுக்கு உரியதாகக் குறிப்பிட்டார். வலுவான களச்சான்று 2008இல்தான் வெளிவந்தது. ராபர்ட் சென்சன், நோலன் மில்லர் ஆகியோர் சீனாவின் ஹூனான் மாநில ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி விலையில் சலுகை அளித்தனர். அக்குடும்பங்களின் அரிசி நுகர்வு குறைந்தது. சலுகை நீங்கியதும் மீண்டும் கூடியது. மிக வறிய குடும்பங்களிடம் இந்நடத்தை காணப்படவில்லை.

இன்றைய நிலை

தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடை அரிசி 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 சூன் முதல் விலையின்றியும் வழங்கப்பட்டது. அரிசி எளிதில் கிடைப்பதால் மேற்கண்ட எடுத்துக்காட்டின் அடிப்படை நிபந்தனை இங்குத் தளர்ந்துவிட்டது. கொங்குப் பகுதியில் சோளம் இன்று பெரிதும் மாட்டுத் தீவனத்திற்காக விதைக்கப்படுகிறது. மறுபுறம், கோயம்புத்தூர் நகரக் கடைகளில் சிறுதானியங்களை உடல்நலம் கருதி வசதியுள்ளோர் கூடுதல் விலை கொடுத்து வாங்குகின்றனர். அவர்களைப் பொறுத்தவரை அதே தானியம் இயல்புப் பண்டமாக மாறியுள்ளது.