முகர்வுணர்வு இழப்பு: முதுமையும் மூளை நோய்களும்

மணத்தை உணரும் திறன் குறைவதும், அறவே இல்லாமல் போவதும் முகர்வுணர்வு இழப்பு எனப்படும். சளி பிடித்தபோது சில நாள் எல்லோருக்கும் இது வரும். இந்தக் கட்டுரை பேசுவது வேறொன்றை: ஐம்பது, அறுபது வயதுக்கு மேல், சளியோ அடைப்போ இல்லாமல், மெல்ல மெல்ல வந்து தங்கிவிடும் இழப்பை. இதில் பெரும்பகுதி வயதின் விளைவு. சிறு பகுதி, பார்கின்சன், அல்சைமர் போன்ற நோய்கள் வெளியே தெரிவதற்குச் சில ஆண்டுகள் முன்பே தோன்றும் அறிகுறி. இரண்டையும் பிரித்தறிவது எளிதல்ல. எப்போது சோதிக்க வேண்டும் என்ற கேள்வி அதனால்தான் எழுகிறது.

மூக்குத் துளையின் உச்சியில், இரு கண்களுக்கும் நடுவே வரும் உயரத்தில், சிறு பரப்பில் முகர்வு நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றின் இழைகள் சல்லடை போலத் துளைகள் உள்ள மெல்லிய எலும்பின் வழியே மேலேறி, மூளையின் அடிப்பகுதியில் உள்ள முகர்வுக் குமிழைச் சேர்கின்றன. அங்கிருந்து செய்தி நினைவோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகளுக்குப் போகிறது. வெளிக்காற்று நேரடியாகப் படும் இந்த நரம்பணுக்கள் அடிக்கடி அழிகின்றன; உடலும் அவற்றை வாழ்நாள் முழுதும் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. வயதாக ஆக இந்தப் புதுப்பித்தல் தளர்கிறது. முகர்வுப் பரப்பின் இடத்தைச் சாதாரண மூக்குச் சவ்வு பிடித்துக்கொள்கிறது. எலும்புத் துளைகளும் சுருங்குகின்றன. வாழ்நாள் முழுக்க வந்துபோன வைரஸ் தொற்றுகளின் சேதமும் சேர்ந்துகொள்கிறது.

எனவே முதியவர்களிடம் இந்த இழப்பு அரிதல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் டோட்டியும் உடன் பணியாற்றியவர்களும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், 65 முதல் 80 வயது வரை உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கும், 80-ஐத் தாண்டியவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேருக்கும் பெரிய அளவில் முகர்வுக் குறைவு இருந்தது. அமெரிக்காவில் 57 முதல் 85 வயது வரையான 3,005 பேரிடம் ரோஜா, தோல், ஆரஞ்சு, மீன், புதினா ஆகிய ஐந்து மணங்களை மட்டும் காட்டி இன்னொரு ஆய்வு நடந்தது. அது 2014-இல் வெளிவந்தது. நான்கு அல்லது ஐந்து மணங்களைத் தவறவிட்டவர்களில் 39 விழுக்காட்டினர் ஐந்தாண்டுக்குள் இறந்திருந்தனர். நன்றாக முகர்ந்தவர்களில் அது 10 விழுக்காடு. மணம் தெரியாததால் அவர்கள் இறந்தார்கள் என்று இதைப் படிக்கக் கூடாது. செல்களைப் புதுப்பிக்கும் திறன் உடல் முழுவதும் தளர்வது மூக்கில் முதலில் தெரிகிறது என்பது முன்வைக்கப்படும் ஒரு விளக்கம்.

இழந்தவர்களுக்கே அது தெரிவதில்லை என்பது இந்தக் குறைபாட்டின் பெரிய சிக்கல். பார்வை மங்கினால் கண்ணாடிக் கடைக்குப் போகிறோம். மணம் மங்கினால் “சாப்பாட்டில் ருசியே இல்லை” என்று சமைத்தவரைக் குறை சொல்கிறோம். ரசத்தில் புளிப்பும் உப்பும் நாக்குக்குத் தெரியும். பெருங்காயமும் மல்லித்தழையும் மிளகின் வாசமும் தொண்டைவழியாக மூக்குக்கு ஏறித்தான் தெரியும். உப்பு கூடுதலாகப் போடச் சொல்வது, பால் திரிந்தது தெரியாமல் காய்ச்சுவது, அடுப்பில் தீய்வது அடுத்த அறையில் இருப்பவர் சொன்ன பிறகே தெரிவது ஆகியவை வீட்டார் கவனிக்கக்கூடிய அடையாளங்கள். “உங்களுக்கு வாசனை தெரிகிறதா?” என்று கேட்டு வாங்கும் பதிலை நம்ப முடியாது. பார்கின்சன் நோயாளிகளில் பெரும்பாலோர், சோதித்துக் காட்டும்வரை தமக்குக் குறை இருப்பதையே அறிவதில்லை.

பார்கின்சன் நோயில்தான் இந்தத் தொடர்பு மிகத் தெளிவாக நிறுவப்பட்டிருக்கிறது. நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு முகர்வுக் குறைவு உண்டு. ஆல்ஃபா-சைனியூக்ளின் என்ற புரதம் நரம்பணுக்களுக்குள் திரண்டு கட்டியாவது இந்நோயின் அடிப்படை. கை நடுங்க வைக்கும் மூளைப் பகுதியை எட்டுமுன்பே, முகர்வுக் குமிழிலும் குடலோடு தொடர்புள்ள மூளைத்தண்டுப் பகுதியிலும் இந்தத் திரட்சி தொடங்குகிறது என்று ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் ஹைகோ பிராக் 2003-இல் காட்டினார். எல்லா நோயாளிகளிடமும் இதே வரிசை இருப்பதில்லை என்பது பின்னர் தெரிந்தது. ஆனாலும் மணம் குறைவதும் மலச்சிக்கலும் நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே வருவதை அது விளக்குகிறது.

இந்த அறிகுறிக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம்? ஹவாயில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளி முதியவர்களிடம் நடந்த ஹொனலுலு–ஆசியா முதுமை ஆய்வில் இதற்கு விடை இருக்கிறது. பார்கின்சன் இல்லாத 2,267 ஆண்களுக்கு 12 மணங்கள் கொண்ட சோதனை வைத்து, பின்னர் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். மதிப்பெண்ணில் கடைசிக் கால்பகுதியில் இருந்தவர்களுக்கு முதல் நான்கு ஆண்டுகளில் நோய் வரும் வாய்ப்பு, நன்றாக முகர்ந்தவர்களைவிட ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. செய்தித் தலைப்புக்கு இது போதும், மருத்துவ முடிவுக்குப் போதாது. ஆண்டுக்கு 10,000 பேரில் சுமார் 54 பேருக்கு நோய் வந்தது என்பதே அந்தக் கடைசிக் கால்பகுதியின் கணக்கு. நான்கு ஆண்டுக்குக் கூட்டினால் நூற்றுக்கு இருவர். மணம் தெரியாத மற்ற 98 பேருக்கு அந்தக் காலத்தில் பார்கின்சன் வரவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு அப்பால் அந்தச் சோதனை எதையும் முன்னறிவிக்கவும் இல்லை.

அல்சைமர் நோயில் நிலைமை சற்று வேறு. நினைவுக்கு வாசலாக இருக்கும் மூளைப் பகுதி முகர்வுச் செய்தியைப் பெறும் பகுதியும்கூட. நோய் அங்கேதான் முதலில் படிகிறது. அதனால் மணம் வருவது தெரியும், அது எதன் மணம் என்று சொல்ல முடியாமல் போகும். லேசான மறதி உள்ளவர்களை டேவானந்த் என்ற மருத்துவரின் குழு நியூயார்க்கில் கவனித்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், சோதனையில் மதிப்பெண் குறைந்தும் “எனக்குக் குறை ஒன்றுமில்லை” என்றவர்களுக்கே பின்னாளில் அல்சைமர் அதிகம் வந்தது. லூயி உடல் மறதிநோயிலும் முகர்வு வெகுவாகக் குறையும்.

சோதனைக்கு இரண்டு முறைகள் பெயர்பெற்றவை. டோட்டி உருவாக்கியது 40 மணங்கள் கொண்ட, சுரண்டி முகரும் புத்தகத் தொகுப்பு. ஒவ்வொரு மணத்துக்கும் நான்கு விடைகள் தந்திருப்பார்கள். தெரியாவிட்டாலும் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். ஆகவே எதுவும் முகராதவருக்கும் குருட்டாம்போக்கில் பத்து மதிப்பெண் வரும். ஜெர்மனியில் 1990-களில் உருவான பேனா வடிவச் சோதனை, மணத்தை உணரும் குறைந்தபட்ச அளவு, இரு மணங்களைப் பிரித்தறிதல், பெயர் சொல்லுதல் ஆகிய மூன்றையும் தனித்தனியே அளக்கும். எந்தச் சோதனையிலும் மதிப்பெண்ணை அதே வயதினரோடு ஒப்பிட வேண்டும்; எழுபது வயதுக்காரரை முப்பது வயதுக்காரரோடு ஒப்பிட்டால் எல்லோரும் நோயாளிகள் ஆகிவிடுவார்கள். பண்பாடும் குறுக்கிடும். அமெரிக்கச் சோதனையில் வரும் ரூட் பீர், பூசணிப் பை மணங்களை மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ வளர்ந்தவர் பிறந்தது முதல் முகர்ந்தே இருக்கமாட்டார். இங்கே பழகிய மணங்களைக் கொண்ட இந்தியத் தொகுப்பு ஒன்றும் உருவாக்கப்பட்டு, பார்கின்சன் நோயாளிகளிடம் பயன்படுத்தப்பட்டிருக்கிறது.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ள நினைப்பவர்கள் பெரும்பாலும் தைலத்தையோ கற்பூரத்தையோ எடுப்பார்கள். அதுதான் தவறான தேர்வு. தைலத்தின் குளிர்ச்சியையும், கற்பூரத்தின் காரத்தையும், வெங்காயத்தின் எரிச்சலையும் முகத்தின் உணர்ச்சி நரம்பு தனியே உணர்ந்துவிடும். முகர்வு நரம்பு முற்றும் செத்துப்போனவருக்கும் அது தெரியும். காபித்தூள், மல்லிகை, நசுக்கிய கறிவேப்பிலை போன்றவற்றை ஒவ்வொன்றாகக் கண்ணை மூடவைத்து, ஒவ்வொரு துளையாகக் காட்டுவது சரி. இதுவும் சந்தேகம் எழுப்பும் அளவுக்குத்தான் பயன்படும்.

எப்போது முறையான சோதனை பயன் தரும் என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். அறுபத்தாறு வயது ஆண். ஓராண்டாக வலது கை நடுங்குகிறது. மடியில் வைத்திருக்கும்போதும் நடுங்குகிறது, டம்ளரைத் தூக்கும்போதும் நடுங்குகிறது. குடும்பத்தில் சிலருக்கு வரும் சாதாரண நடுக்கமா, பார்கின்சனா என்று மருத்துவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்நோக்கியால் பார்க்கிறார். சதை வளர்ச்சியோ சைனஸ் அழற்சியோ இல்லை. கோவிட் வந்து மணம் போன வரலாறும், தலையில் அடிபட்ட வரலாறும் இல்லை. தலைசுற்றலுக்குச் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கு ஃப்ளூனரிசின் போன்ற மாத்திரைகளை மாதக்கணக்கில் சாப்பிட்டாரா என்று கேட்கிறார்கள். அவை பார்கின்சன் போலவே நடுக்கத்தைக் கொண்டுவரும். இல்லை என்கிறார். அதன் பிறகே 40 மணச் சோதனை. மதிப்பெண் 17. அவர் வயது ஆண்களில் பெரும்பாலோர் முப்பதுக்கு மேல் எடுப்பார்கள். சாதாரண நடுக்கத்திலும் மருந்தால் வந்த நடுக்கத்திலும் மணம் பெரும்பாலும் கெடுவதில்லை. ஆகவே தராசு பார்கின்சன் பக்கம் சாய்கிறது. 2015-இல் வெளியான பன்னாட்டு நோயறிதல் விதிகளும் முகர்விழப்பைத் துணைச் சான்றாக ஏற்கின்றன. அதே மனிதர் 34 எடுத்திருந்தால் பார்கின்சன் இல்லை என்று முடிவுகட்ட முடியாது, ஏனெனில் பத்தில் ஒரு நோயாளிக்கு மணம் நன்றாகவே இருக்கும்.

இப்படி வேறொரு அறிகுறி ஏற்கெனவே இருக்கும்போதுதான் சோதனைக்கு மதிப்பு. தூக்கத்தில் கனவுக்கேற்பக் கையை வீசுவது, உதைப்பது, கத்துவது என்பவை அவற்றில் முக்கியமானவை. பக்கத்தில் படுப்பவர்தான் இதைச் சொல்ல முடியும். இந்தத் தூக்கக் கோளாறோடு முகர்விழப்பும் சேர்ந்தால் நரம்பியல் மருத்துவரின் தொடர் கண்காணிப்பு தேவை. லேசான மறதி உள்ளவரிடம் நினைவாற்றல் சோதனைகளோடு சேர்த்துச் செய்யலாம். திடீரென மணம் போனால், ஒரு துளையில் மட்டும் போனால், தலைவலியோ பார்வைக் குறைவோ கூட வந்தால், அது வேறு கதை. கட்டி இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். சில நாள் வந்து சில நாள் போகும் இழப்பு பெரும்பாலும் மூக்கின் கோளாறு. அது குணமாகக் கூடியது.

வேறு எந்தத் தொந்தரவும் இல்லாத முதியவரை, மூளை நோய் வருமா என்று பார்ப்பதற்காக மட்டும் சோதிப்பது வேண்டாதது என்பதே இந்தக் கட்டுரையின் தீர்ப்பு. ஹொனலுலு கணக்குப்படி, மதிப்பெண் குறைந்தவர்களில் நூற்றுக்கு 98 பேரை வீணாகப் பயமுறுத்துவோம். மீதி இருவருக்கும், நோயை வரவிடாமல் தடுக்கும் மருந்து இன்று நம்மிடம் இல்லை. பார்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா நடமாட்டத்தைச் சீராக்கும், மணத்தைத் திருப்பித் தராது. காலை, மாலை ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் மணங்களை மூன்று மாதம் முகரும் பயிற்சி வைரஸால் மணம் இழந்தவர்களில் பலருக்கு உதவுகிறது.

நோய் எதுவானாலும், மணம் தெரியாதவருக்கு உடனடி ஆபத்து சமையலறையில்தான். எரிவாயுவுக்கு இயற்கையில் மணம் கிடையாது. கசிவு தெரியட்டும் என்றுதான் மெர்காப்டன் என்ற நாற்ற வேதிப்பொருளைக் கலக்கிறார்கள். உங்கள் வீட்டு முதியவருக்கு வாசனை தெரியவில்லை என்று ஐயம் வந்தால், சோதனைத் தேதிக்குக் காத்திராமல் கசிவை ஒலியால் அறிவிக்கும் கருவி ஒன்றை அடுப்பருகே தரைமட்டத்தில் பொருத்துங்கள். சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கீழேதான் தங்கும்.